ரீஸ்டார்ட் பண்ணாதவர்களுக்கு மட்டும் திறந்த தளம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அடையாள அட்டையில் அதை அச்சடித்துக் கழுத்தில் தொங்கவும் விட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் அதைப் படித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவர் ரீஸ்டார்ட்காரர். கணினி ஓடவில்லை, அச்சு எந்திரம் முனகுகிறது, திரை நீலமாகிவிட்டது என்று எதைச் சொல்லி யார் கூப்பிட்டாலும், முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள் அவர் வாயிலிருந்து ஒரே வாக்கியம்தான் வரும்.

"ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

இதைச் சொல்லியே பதினைந்து வருடத்துக்கு மேல் ஹெல்ப் டெஸ்க்கில் காலம் தள்ளிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, பத்தில் ஒன்பது கோளாறு அதிலேயே தீர்ந்துவிடும். பத்தாவது, இரண்டாம் முறை ரீஸ்டார்ட் செய்தால் தீரும். அதற்கும் தீராதது மேலிடத்து விவகாரம். கை ராசி என்று அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. லிஃப்ட் ஒருநாள் பாதியில் நின்றபோது உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து அவர் இதையே கேட்டதாக ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் அதை மறுத்ததில்லை.

அவருடைய குடும்பம் அந்த ஊரில் இல்லை. மனைவி வேறொரு ஊரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஐந்து வயது மகளும் அவளோடுதான். அங்கேயும் நிறுவனத்துக்கு ஒரு கிளை உண்டு. ஆனால் அந்தக் கிளையின் ஹெல்ப் டெஸ்க்கில் இடம் காலியாகவே ஆகாது. இருப்பவர்கள் அப்படி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரயில் ஏறிப்போய் மகளைப் பார்த்துவிட்டு, மறுநாளே திரும்பிக்கொண்டிருந்தார். மகள் அவரிடம் பக்கத்து வீட்டு விருந்தாளியிடம் பேசுவது போல மரியாதையாகப் பேசுவாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இந்த வருடம் அந்தக் கிளையில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஒரே ஒரு இடம். மாற்றல் கேட்பவர்கள் நிறுவனத்தின் மாற்றல் தளத்தில் போய்ப் பதிய வேண்டும். முதலில் பதிபவருக்கே இடம். காலை பத்து மணிக்குத் தளம் திறக்கும், மாலை ஐந்துக்கு மூடும். அதன்பிறகு அடுத்த வருடம்தான். மற்ற கிளைகளிலும் இரண்டு மூன்று பேர் அந்த இடத்தின்மேல் கண் வைத்திருப்பது அவருக்குத் தெரியும்.

"விட்டுடாதீங்க. பத்து மணிக்கு வேற எந்த வேலையும் வச்சுக்காதீங்க" என்றாள் மனைவி முந்தின நாள் போனில்.

"நானா விடுவேன்? கம்ப்யூட்டர் விஷயத்துல என்னை யார் முந்துவாங்க?" என்றார் இவர்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சற்று முன்பாக நாற்காலியில் உட்கார்ந்தார். கணினி முன்பே ஓடிக்கொண்டுதான் இருந்தது. நல்ல காரியம் ஆயிற்றே என்று ஒருமுறை அதை ரீஸ்டார்ட் செய்துகொண்டார். சிலர் நல்ல காரியத்துக்கு முன் முகம் கழுவிக்கொள்வார்கள், இவருக்கு இது. கணினி எழுந்ததும் மாற்றல் தளத்தைத் திறந்தார். வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி ஓய்ந்துபோய், நேரம் கடந்துவிட்டது, தளம் பதில் சொல்லவில்லை என்று ஒரு வரி வந்து நின்றது. மறுபடி திறந்தார். மறுபடி வட்டம்.

வருகைப் பதிவுத் தளத்தைத் திறந்து பார்த்தார். பளிச்சென்று வந்தது. தொலைபேசி எண்கள் உள்ள தளம், அதுவும் வந்தது. சம்பளத் தளம் வரவில்லை. பயிற்சித் தளம் வரவில்லை. எல்லாமே ஒரே நிறுவனத்தின் தளங்கள். பாதி ஓடுகிறது, பாதி படுத்துவிட்டது. மறுபடி ரீஸ்டார்ட் செய்தார். அப்போதும் அதே பாதி.

அதற்குள் மேசைத் தொலைபேசி அலற ஆரம்பித்துவிட்டது.

"சம்பளச் சீட்டு பாக்க முடியலைங்க, சுத்திக்கிட்டே இருக்கு" என்றார் இரண்டாம் மாடியிலிருந்து ஒருவர்.

"ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"இல்லையே."

"பண்ணுங்க."

பண்ணினார். பிறகும் வரவில்லை. அவர் மட்டுமா? பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கு எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. நண்பருக்குத் துணையாக இருக்கட்டும் என்று அவரும் ரீஸ்டார்ட் செய்துகொண்டார். இப்போது அவருக்கும் வரவில்லை. கடமையில் குறை வைக்காத மனிதர் நம் ரீஸ்டார்ட்காரர். கூப்பிட்ட ஒவ்வொருவருக்கும் மருந்தைக் கொடுத்தார். மருந்து குடித்தவர்கள் தங்கள் பக்கத்து மேசைக்காரர்களுக்கும் சிபாரிசு செய்தார்கள். மதியத்துக்குள் கட்டடத்தில் நோயாளிகள் பெருகிவிட்டார்கள்.

இடையில் கைபேசியில் முயன்று பார்த்தார். நிறுவனத்துக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மட்டுமே கதவைத் திறக்கும் தளம் அது. கைபேசியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. மாற்றல் விவகாரத்தைப் பார்க்கும் ஆள்சேர்ப்புப் பிரிவுக்குப் போன் போட்டார்.

"தளம் நல்லாத்தான் ஓடுதுன்னு அதை நடத்துறவங்க சொல்றாங்க சார்" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "ஆனா இன்னைக்கு யாருமே பதியலை. இந்த வருஷம் மாற்றல்ல யாருக்கும் ஆர்வம் இல்லை போல."

"எனக்கு இருக்குங்க. போன்லயே எழுதிக்கக் கூடாதா?"

"தளத்துல பதிஞ்சாத்தான் சார் செல்லும். அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கே."

யாருமே பதியவில்லை என்பதில் மட்டும் அவருக்கு ஒரு அற்ப சந்தோஷம். அடுத்து தலைமை அலுவலகத்து நெட்வொர்க் மேடத்தைக் கூப்பிட்டார். கெட்டிக்காரப் பெண், இவரிடம் ஒருநாளும் முகம் சுளித்துப் பேசியதில்லை.

"அண்ணே, எல்லா சர்வரும் பச்சை விளக்கோட நல்லா ஓடுது. நீங்க சொல்ற தளத்தை நானே இப்ப என் மெஷின்ல திறந்துதான் வச்சிருக்கேன். உங்க கட்டடத்துல கேபிள் ஏதாவது பாருங்களேன்."

கேபிளைப் பார்த்தார். மேசைக்கு அடியில் தவழ்ந்து, தலையில் ஒரு இடி வாங்கிக்கொண்டு பார்த்தார். கேபிள் நன்றாகத்தான் இருந்தது. அது கெட்டிருந்தால் வருகைப் பதிவு மட்டும் எப்படி வரும் என்ற கேள்வி, இடி வாங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மூன்று மணிவாக்கில் விற்பனை மேனேஜர் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்குத் தளத்தில் எந்தப் பிரச்சினையும் இல்லை. விசைப்பலகையில் ஒரு எழுத்து ஒட்டிக்கொள்கிறதாம். திரையில் பயிற்சித் தளம் ஜம்மென்று திறந்திருந்தது. அதைப் பார்த்ததும் ரீஸ்டார்ட்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இதிலேயே உட்கார்ந்து பதிந்துவிடலாம், சார் ஒரு நிமிஷம் என்று கேட்டால் போதும்.

கேட்கத்தான் வாயைத் திறந்தார். வாய் பழகிய பாதையில் போனது.

"ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"இல்லை. பண்ணிடுறேன்" என்று மேனேஜர் அங்கேயே பண்ணினார். கணினி எழுந்தது. எழுத்து இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. பயிற்சித் தளத்தைத் திறந்தார். வட்டம் சுற்றியது.

"என்னய்யா இது? நல்லா இருந்ததே. இப்ப இதுவும் போச்சு" என்றார் மேனேஜர்.

ரீஸ்டார்ட்காரர் பேயறைந்தது போல அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டது நோய் அல்ல, வைத்தியர். காலையிலிருந்து வந்த அழைப்புகளை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டினார். ரீஸ்டார்ட் செய்தவர்கள் எல்லோருக்கும் போய்விட்டது. செய்யாதவர்களுக்கு ஓடுகிறது. பாதிக் கட்டடத்தை முடக்கிப் போட்டது அவர் வாய்தான்.

அப்படியானால் இந்தக் கட்டடத்தில் ரீஸ்டார்ட் செய்யாத ஆள் இன்னும் யார்? யோசிக்கவே வேண்டாம். யார் சொன்னாலும் செய்யாதவர் ஒருவர்தான்.

கணக்குப் பிரிவு அக்கா என்றால் மூன்றாம் மாடியே அடங்கும். தன் கணினியை அணைக்கவே மாட்டார். உலாவியில் ஐம்பது பக்கங்களாவது எப்போதும் திறந்து கிடக்கும்; அவை எந்த வரிசையில் இருக்கின்றன என்பது அவருக்கு மட்டுமே தெரியும், அந்த வரிசை கலைந்தால் வருடாந்தரக் கணக்கே கலைந்துவிடும் என்பது அவர் கட்சி. அவருக்கும் ரீஸ்டார்ட்காரருக்கும் இதில் தீராத பகை. "உங்க மருந்தை உங்க மெஷினுக்கே கொடுங்க தம்பி" என்று எத்தனையோ முறை துரத்தியிருக்கிறார். அவர் கணினி மெதுவாக ஊர்வதற்குக் காரணமே அந்தப் பிடிவாதம்தான் என்று இவரும் மாடி மாடியாகச் சொல்லி வைத்திருந்தார்.

நெட்வொர்க் மேடத்திடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கட்டடமே தவித்துக்கொண்டிருக்கிறது, கண்டுபிடித்தவர் சொல்லாமல் இருப்பது நியாயமா? நியாயம் இல்லைதான். ஆனால் மணி நான்கை நெருங்கிக்கொண்டிருந்தது, இடம் ஒன்றுதான், மகள் அவரை விருந்தாளி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். படியேறி மூன்றாம் மாடிக்கு ஓடினார்.

"அக்கா, ஒரு உதவி. உங்க மெஷின்ல மாற்றல் தளம் திறக்குதா?"

அக்கா ஒரு சொடுக்கில் திறந்து காட்டினார். முகத்தில் வெற்றிக் களை. "ஏன், உங்களது என்னாச்சு?"

"வரலை அக்கா."

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அசடு வழிய நின்றார். பிறகு மனைவி, மகள், ஐந்து மணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். அக்காவின் முகம் மாறியது. எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார். எழுவதற்கு முன், திறந்திருந்த கணக்குகளை எல்லாம் ஒன்று விடாமல் சேமித்தும் கொண்டார்.

"நீங்க உக்காரப் போறீங்களே, அதான்" என்றார்.

ரீஸ்டார்ட்காரர் புதிதாக ஒரு ஜன்னலைத் திறந்து தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினார். ஐம்பது பக்கங்களைச் சுமந்துகொண்டிருந்த கணினி பெருமூச்சு விட்டது. எழுத்துகள் ஒவ்வொன்றாக, மனமில்லாமல் வந்தன. சுட்டி நகர மறுத்தது. திரை உறைந்தது. இத்தனை வருடப் பழக்கத்தில், இப்படி ஒரு திரையைக் கண்டால் அவர் மூளையைக் கேட்டுக்கொண்டு கை வேலை செய்வதில்லை. கை தானாகப் போய்ப் பொத்தானை அழுத்திப் பிடித்தது.

திரை கறுத்த பிறகுதான் அவருக்குத் தான் என்ன செய்தோம் என்பது தெரிந்தது.

அக்கா திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பல மாதமாகக் காத்துக் கிடந்த புதுப்பிப்புகள் எல்லாம் ஒரேயடியாக வரிசையில் வந்து நின்றன. மூன்று சதவீதம், தயவுசெய்து அணைக்காதீர்கள் என்றது திரை.

"தம்பி," என்றார் அக்கா மெல்ல, "நான் திட்டணும்னுதான் நினைக்கிறேன். வார்த்தை வர மாட்டேங்குது."

ரீஸ்டார்ட்காரருக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளாமல் அக்காவின் மேசைத் தொலைபேசியை எடுத்தார். இனி மறைத்து ஆகப்போவது எதுவும் இல்லை. நெட்வொர்க் மேடம் எடுத்ததும் மொத்த மாடியும் கேட்கும்படி ஒப்புக்கொண்டார்.

"மேடம், ரீஸ்டார்ட் பண்ணினவங்களுக்கு எல்லாம் தளம் போச்சு. பண்ணாதவங்களுக்கு ஓடுது. காலையிலேர்ந்து எல்லாரையும் பண்ணச் சொன்னது நான்தான்."

"இருங்கண்ணே. என் உலாவியை மூடித் திறக்குறேன்." சற்று நேரம் கழித்து, "அடப்பாவமே, எனக்கும் போச்சு" என்றாள்.

பிறகு அவளே விளக்கினாள். உலாவி திறக்கும்போது ப்ராக்ஸி ஸ்கிரிப்ட் என்று ஒரு சின்னக் கோப்பைப் படித்துக்கொள்ளும். எந்தத் தளத்துக்கு நேராகப் போகலாம், எதற்கு ப்ராக்ஸி என்ற வாசல் வழியாகப் போக வேண்டும் என்று அதற்கு வழி சொல்வது அந்தக் கோப்புதான். நிறுவனத்தின் சொந்த சர்வர் அறையில் இருக்கும் தளங்களுக்கு நேர் வழி. வருகைப் பதிவு, தொலைபேசி எண்கள் எல்லாம் அந்த ரகம். சம்பளம், பயிற்சி, மாற்றல் ஆகியவை வெளியே வாடகைக்கு எடுத்த சர்வர்களில் இருக்கின்றன. அவற்றுக்கு வாசல் வழியாகத்தான் போக முடியும்.

"காலையில ஒரு புதுத் தளத்தை அந்த ஸ்கிரிப்ட்ல சேத்தேன். திறந்த அடைப்புக்குறி ஒண்ணை மூடாம விட்டிருக்கேன். அதனால மொத்த ஸ்கிரிப்டுமே செல்லாமப் போச்சு. அப்படிப் போனா உலாவி ஒரு வார்த்தை சொல்லாது அண்ணே. ஸ்கிரிப்டே இல்லைன்னு எடுத்துக்கிட்டு எல்லாத்துக்கும் நேராப் போகும். உள்ள இருக்கிறது கிடைக்கும். வெளியில இருக்கிறதுக்கு நேராப் போனா காவலுக்கு நிக்கிற ஃபயர்வால் விடாது. விட மாட்டேன்னும் சொல்லாது. சும்மா முழுங்கிடும். அதான் சுத்திச் சுத்தி நிக்குது."

"நீங்க சேத்துட்டு ஓட்டிப் பாக்கலையா மேடம்?"

"பாத்தேனே. என் உலாவி மாத்துறதுக்கு முன்னாடியே திறந்திருந்தது. பழைய ஸ்கிரிப்டைக் கையில வச்சுக்கிட்டு நல்லா ஓடுச்சு. மறுபடி படிக்க அது பல மணி நேரம் எடுத்துக்கும். நானும் நம்பிட்டேன்." அவள் குரலில் வெட்கம். "ஒரு நிமிஷம்... சரி பண்ணிட்டேன். இப்ப எல்லாரும் புது ஸ்கிரிப்டைப் படிச்சாப் போதும்."

"படிக்க என்ன பண்ணணும்?"

"ரீஸ்டார்ட் பண்ணணும் அண்ணே."

ரீஸ்டார்ட்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். கீழே தன் கணினிக்கு ஓடப் பார்த்தவரை, "என்னுது எந்திரிக்காம நீங்க நகரக் கூடாது" என்று அக்கா சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டார். கடமை கடமைதானே. அக்காவின் கணினி நாற்பது சதவீதத்தில் தவழ்ந்துகொண்டிருக்க, அவர் ஒவ்வொரு மாடிக்கும் போன் போட்டார். இந்த முறை மருந்து சரியான மருந்து. வாங்கிக் குடிக்கத்தான் ஆள் இல்லை. இரண்டாம் மாடிக்காரர் சிரித்துவிட்டுப் போனை வைத்தார். விற்பனை மேனேஜர், "ஒரு தடவை ஏமாந்தாச்சு. ரெண்டாவது தடவை ஏமாந்தா நான் மேனேஜர் இல்லை" என்றார். நெட்வொர்க் மேடம் எல்லாக் கிளைகளுக்கும் மின்னஞ்சல் அனுப்பினாள். அங்கேயும் காலையில் ரீஸ்டார்ட் செய்து சூடு கண்டவர்கள்தான் நிறைய. முதலில் அடுத்தவன் செய்து பார்க்கட்டும் என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

எண்பது சதவீதம். மணி நான்கே முக்காலைத் தாண்டியது. அக்கா தன் கோபத்தை ஒத்திவைத்துவிட்டுத் திரையோடு பேசிக்கொண்டிருந்தார். "வா வா, சீக்கிரம் வா, இந்த மனுஷனுக்குப் பொண்டாட்டி பிள்ளை இருக்கு" என்று அதை அதட்டினார். தொண்ணூறு. தொண்ணூற்றெட்டு. அந்தத் தொண்ணூற்றெட்டில் அது நின்ற நேரத்தில் ரீஸ்டார்ட்காரரின் கை பொத்தானை நோக்கி மீண்டும் நகர்ந்தது. அக்கா அந்தக் கையைப் பிடித்துத் தன் மேசைமேல் வைத்து அழுத்திக்கொண்டார், விடவே இல்லை.

கணினி எழுந்தது. அக்காவே தட்டினார், ரீஸ்டார்ட்காரர் கடவுச்சொல்லை மட்டும் சொன்னார். மாற்றல் தளம் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் திறந்தது. மனைவி இருக்கும் ஊர். காலியிடம் ஒன்று. காலையிலிருந்து ஒருவரும் தொடவில்லை, தொட முடிந்திருந்தால்தானே. ரீஸ்டார்ட்டை நம்பும் ஒரே ஜீவன் அந்த நிறுவனத்திலேயே அவர்தான் என்று ஆகிவிட்ட அந்த வேளையில், அந்த இடம் அவருக்காகவே காத்துக் கிடந்தது.

"இங்க அழுத்தணுமா?" என்றார் அக்கா.

"நான் அழுத்துறேனே அக்கா."

"உங்க கை வேணாம்" என்று சொல்லி அவரே அழுத்தினார். உங்கள் மாற்றல் பதிவாகிவிட்டது என்றது திரை. மூன்றாம் மாடியில் ஒருவர் கைதட்ட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அக்கா காணாமல் போன தன் ஐம்பது பக்கங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திறக்க உட்கார்ந்தார்.

ரீஸ்டார்ட்காரர் படிக்கட்டுக்குப் போய் மனைவியைக் கூப்பிட்டார்.

"கிடைச்சிடுச்சு" என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பத்து மணிக்கே முடிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். போன் வரலை. போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்" என்றாள் பிறகு. "இருங்க, இவகிட்ட நீங்களே சொல்லுங்க."

மகள் வந்தாள். "எப்ப வர்றீங்க?" என்றாள், அதே விருந்தாளி மரியாதையோடு.

"அடுத்த மாசம் வர்றேன்டா. வந்துட்டுத் திரும்பிப் போகவே மாட்டேன். அங்கேயேதான் இருப்பேன்."

அவள் யோசித்தாள். அவர் போகும்போதெல்லாம் தோள்பையைக் கதவோரம் நாற்காலிமேல் வைத்துவிட்டு, அதிலிருந்தே சட்டையை எடுத்து, அதிலேயே மடித்து வைத்து, அதையே தூக்கிக்கொண்டு கிளம்புவதுதான் அவளுக்குத் தெரிந்த அப்பா.

"அப்ப உங்க பை?" என்றாள்.

"பை எதுக்குடா? சட்டையெல்லாம் அலமாரிலதான் வைக்கணும்."

"அலமாரில இடம் இல்லையே" என்றாள் மகள் கவலையோடு. பிறகு போனைக் கீழே போட்டுவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. தூரத்தில் அலமாரிக் கதவு திறந்தது, துணிகள் தரையில் விழுந்தன, "என்னடி பண்றே?" என்று மனைவி கேட்டாள். "அப்பாவுக்கு" என்றாள் மகள்.

அவர் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.